ஐந்து சென்ட்டா, ஒரு கிரவுண்டா?

தங்கம் சவரன் என்ன விலை என்று கேட்டால், கிராம் விலையை எட்டால் பெருக்கி, அடுப்பங்கரையில் இருந்தபடியே பதில் சொல்லிவிடும் பெண்மணிகள் நம்மிடையே ஏராளம். அதோடு நிற்பதுமில்லை. "செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவிகிதம்?" என்று கேட்டு, அதையும் கூட்டிப் பார்த்த பிறகே கைப்பையைத் திறப்பார்கள். எந்த நகைக் கடைக்காரரும் அவர்களை அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றிவிட முடியாது.

ஆனால் அதே குடும்பம், அந்த நகையைப் போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு பணத்தைக் கொடுத்து ஒரு மனை வாங்கப் போகும்போது, இந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்து கொள்கிறது. ஒரு தரகர் சென்ட் கணக்கில் சொல்கிறார். இன்னொருவர் கிரவுண்டு என்கிறார். மூன்றாமவர் சதுர அடி என்கிறார். பட்டாவை வாங்கிப் பார்த்தாலோ, அதில் இந்த மூன்றுமே இல்லை. ஹெக்டேர், ஏர் என்று போட்டிருக்கிறது. தலை சுற்றிப் போய், "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று வீட்டுக்காரரிடம் விட்டுவிடுகிறோம். அவரோ, "எல்லாம் தரகர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்!

இந்த வாரம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்த்து விடுவோம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒரே ஊரில் இரண்டு அளவுகள் ஏன்?

வட சென்னையில் இந்தக் குழப்பம் சற்று அதிகம். அதற்குக் காரணம் உண்டு. ராயபுரம் வெகு காலமாகவே சென்னைப் பட்டணத்தைச் சேர்ந்தது. பட்டணத்தில் வீட்டு மனையை 'மனை' என்ற அளவிலேயே கணக்கிட்டார்கள். நாற்பது அடிக்கு அறுபது அடி, அதாவது 2,400 சதுர அடி, ஒரு மனை. இருபத்து நான்கு மனை சேர்ந்தால் ஒரு காணி. இந்த மனையைத்தான் வெள்ளைக்காரன் 'கிரவுண்டு' என்று சொன்னான். நாமும் அப்படியே பிடித்துக் கொண்டோம்.

திருவொற்றியூரும் எண்ணூரும் அப்படியல்ல. அவை பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். வயலும் தோப்பும் உப்பளமுமாக இருந்த அந்த நிலங்களை ஏக்கர் கணக்கில் அளந்தார்கள். அதற்கு இங்கிலாந்திலிருந்து வந்த சங்கிலிதான் கருவி. அந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. சங்கிலிக்குச் சங்கிலி சதுரமாக அளந்தால் 4,356 சதுர அடி. அப்படிப் பத்துச் சதுரம் சேர்ந்தது ஓர் ஏக்கர். ஆக ஏக்கருக்கு 43,560 சதுர அடி. அதை நூறாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான் சென்ட். அதனால்தான் ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்று, முழு எண்ணாக வராமல், கோணல் மாணலாக ஒரு கணக்கு வருகிறது.

திருவொற்றியூர் நகராட்சியும், எண்ணூரைச் சேர்ந்த கத்திவாக்கம் நகராட்சியும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. 2021-இல் மெட்ரோ ரயிலும் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஊர்கள் ஒன்றாகிவிட்டன, அளவுகள்தாம் ஒன்றாகவில்லை. பட்டணத்து அளவும் கிராமத்து அளவும் ஒரே தெருவில், ஒரே தரகர் வாயில், அடுத்தடுத்து வருகின்றன.

நினைவில் வைக்க மூன்று எண்கள்

கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. சென்ட் என்றால் 435.6 சதுர அடி. ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்த்தால், ஒரு கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட். துல்லியமாகச் சொன்னால் 5.51 சென்ட்.

"அஞ்சு சென்ட்டுன்னா ஒரு கிரவுண்டுதாம்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட வேண்டாம். ஐந்து சென்ட் 2,178 சதுர அடிதான். கிரவுண்டுக்கு இன்னும் 222 சதுர அடி குறைகிறது. அது தாராளமாக ஒரு படுக்கையறை கட்டக்கூடிய இடம்!

மூன்றாவது எண், பட்டாவுக்காக. பட்டாவில் 'ஏர்' என்று போட்டிருப்பது உழுகிற ஏர் அல்ல. நூறு சதுர மீட்டர் கொண்டது ஓர் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஓர் ஏருக்கு 1,076.4 சதுர அடி. ஒரு முழுக் கிரவுண்டு மனைக்குப் பட்டாவில் 2.23 ஏர் இருக்க வேண்டும். ஐந்து சென்ட்டுக்கு 2.02 ஏர். ஹெக்டேர் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யமும், ஏர் இருக்க வேண்டிய இடத்தில் 2.23-ம் இருப்பதைப் பார்த்து, "இதென்ன, இரண்டே கால் சென்ட்தானே இருக்கிறது!" என்று பதறிப் போனவர்கள் உண்டு. பதற வேண்டாம், 1,076.4-ஆல் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும்.

விலைக்கும் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. சதுர அடி ஆயிரம் ரூபாய் என்றால், கிரவுண்டு 24 லட்சம். சென்ட் 4 லட்சத்து 35 ஆயிரத்து 600. ஆகவே கிரவுண்டு விலையை லட்சத்தில் சொன்னால் 24-ஆல் வகுங்கள். சென்ட் விலையை லட்சத்தில் சொன்னால் 4.356-ஆல் வகுங்கள். இரண்டிலும் விடை, சதுர அடிக்கு எத்தனை ஆயிரம் என்று வந்துவிடும்.

மூன்று மனைகள்

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். ராயபுரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்கள். கணவர் துறைமுகத்தில் உத்தியோகம். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மனை வாங்க வேண்டும் என்று வெகு நாள் ஆசை. ஏறக்குறைய ஒரே மாதிரி வசதியுள்ள தெருக்களில் மூன்று மனைகள் விலைக்கு வருகின்றன. கீழே நான் சொல்லும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. இன்றைய நிலவரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

முதல் மனை ஐந்து சென்ட். சென்ட் 14 லட்சம், ஆக 70 லட்சம். இரண்டாவது ஒரு கிரவுண்டு. மொத்தம் 75 லட்சம். மூன்றாவது 1,800 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய், ஆக 54 லட்சம்.

நமது சுருக்கு வழியில் வகுத்துப் பார்ப்போம். முதல் மனையில் 14-ஐ 4.356-ஆல் வகுத்தால் சதுர அடி 3,214 ரூபாய். இரண்டாவதில் 75-ஐ 24-ஆல் வகுத்தால் 3,125 ரூபாய். மூன்றாவது, சொன்னபடியே 3,000. ஆகவே மூன்றாவதுதான் மலிவு, இரண்டாவது நடுத்தரம், சென்ட் கணக்கில் வந்தது எல்லாவற்றிலும் கிராக்கி. அப்படித்தானே?

பெரும்பாலான வீடுகளில் கணக்கு இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இது தங்கத்தில் கிராம் விலையை மட்டும் கேட்டதற்குச் சமானம். மனையிலும் சேதாரம் உண்டு! அதைப் பார்த்த பிறகுதான் உண்மையான விலை தெரியும். விலையை, காகிதத்தில் உள்ள சதுர அடியால் வகுக்கக் கூடாது. மண்ணில் நமக்கென்று இருக்கிற சதுர அடியால் வகுக்க வேண்டும்.

'உட்பட' என்ற ஒரு சொல்

மலிவாகத் தோன்றிய மூன்றாவது மனையை முதலில் பார்ப்போம். ஆசிரியை அம்மாள் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கங்களில் உள்ள சொத்து விவரத்தைப் படிக்கிறார். நான்கு எல்லைகளையும் சொல்லி, "இதற்குட்பட்ட கிழமேலடி 36, தென்வடலடி 50, ஆக 1,800 சதுர அடி, இதில் மேல்புறம் 6 அடி அகலப் பொதுப் பாதை உட்பட" என்று எழுதியிருக்கிறது.

அந்த 'உட்பட'தான் விஷயம். பின்னால் இருக்கும் வீட்டுக்காரர் போய் வர, மனையின் மேற்கு ஓரமாக ஆறடி அகலத்துக்கு வழி விட வேண்டும். ஆறடி அகலம், ஐம்பதடி நீளம்: 300 சதுர அடி. அதில் நாம் சுவர் எழுப்ப முடியாது, கதவு போட முடியாது, தண்ணீர்த் தொட்டி கட்ட முடியாது. மிச்சம் 1,500 சதுர அடி. 54 லட்சத்தை 1,500-ஆல் வகுத்தால், சதுர அடி 3,600 ரூபாய்! மூன்றிலும் மலிவானது ஒரே நொடியில் மூன்றிலும் கிராக்கியாகிவிட்டது.

பொது வழி என்றால் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லவில்லை. காற்றும் வெளிச்சமும் வரும். நாமும் அதில் நடக்கலாம். ஆனால் அதற்கு வீட்டு மனையின் விலை கொடுப்பது நியாயமில்லை. பத்திரத்தில் 'நீக்கி' அல்லது 'நீங்கலாக' என்று இருந்தால், வழியைக் கழித்த பிறகு உள்ள அளவைச் சொல்கிறார்கள் என்று பொருள். 'உட்பட' என்று இருந்தால், வழியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இந்த இரண்டு சொற்களையும் தேடிப் படித்துவிட்டால், மற்றதெல்லாம் சாதாரணக் கழித்தல்தான்.

கோணலான கிரவுண்டு

இப்போது இரண்டாவது மனைக்கு வருவோம். இதில் வழித் தகராறு ஒன்றுமில்லை. பத்திரத்தில் வடபுறம் 44 அடி, தென்புறம் 36 அடி, கிழபுறம் 62 அடி, மேல்புறம் 58 அடி என்று நான்கு அளவுகள். கூடவே "ஆக 2,400 சதுர அடி" என்றும் எழுதியிருக்கிறது.

இந்த 2,400 எப்படி வந்தது? வடக்கும் தெற்கும் கூட்டினால் 80, பாதி 40. கிழக்கும் மேற்கும் கூட்டினால் 120, பாதி 60. நாற்பதை அறுபதால் பெருக்கினால் 2,400. தரகர்கள் மட்டுமல்ல, பத்திரம் எழுதுகிறவர்களும் காலங்காலமாகக் கையாளும் முறை இது. பார்ப்பதற்கு மிகவும் நியாயமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. நான்கு மூலைகளும் ஒழுங்கான செங்கோணமாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு சரியாக வரும். மூலை சாய்ந்திருந்தால், இருக்கிற நிலத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். குறைத்துக் காட்டுவது மட்டும் ஒருபோதும் நடக்காது. ஆகையால் இந்தப் பிசகில் லாபம் எப்போதும் விற்கிறவருக்கே!

ஏன் அப்படி என்று தெரிய வேண்டுமானால், நான்கு தீக்குச்சிகளை மேஜையின் மேல் சதுரமாக வையுங்கள். இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். சதுரம் சாய்ந்து ஒடுங்கும். குச்சிகளின் நீளம் மாறவில்லை. நடுவில் இருக்கும் இடம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. மனையும் அப்படித்தான். நான்கு பக்கத்து நீளமும் பத்திரத்தில் சொன்னபடி சரியாக இருக்கலாம். ஆனாலும் நிலம் குறைந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க, மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். நாற்பதுக்கு அறுபது உள்ள ஒழுங்கான கிரவுண்டில், எந்த மூலையிலிருந்து அளந்தாலும் எதிர் மூலைக்கு 72 அடி 1 அங்குலம் வரும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கும். நம் ஆசிரியை அம்மாளும் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நூறு அடி நாடாவோடு போய் அளந்தார்கள். தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு 60 அடிதான் வந்தது. மற்ற இரண்டு மூலைகளுக்கிடையே 82 அடி! மனை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இனி உண்மையான பரப்பு எவ்வளவு? குறைவாக வந்த அந்த 60 அடிக் கோட்டில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். மனை இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. பிறகு தென்கிழக்கு மூலையில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு முனையைக் கயிற்றின் மேல் இடமும் வலமுமாக நகர்த்தினார்கள். எந்த இடத்தில் அளவு மிகக் குறைவாக வருகிறதோ, அதுதான் அந்த முக்கோணத்தின் உயரம். அது 34.9 அடி வந்தது. அதேபோல வடமேற்கு மூலையிலிருந்து 40.1 அடி. இரண்டையும் கூட்டினால் 75. கயிற்றின் நீளத்தில் பாதி 30. முப்பதை எழுபத்தைந்தால் பெருக்கினால் 2,250 சதுர அடி.

கிரவுண்டு என்று சொன்ன மனையில் 150 சதுர அடியைக் காணோம்! 75 லட்சத்தை 2,250-ஆல் வகுத்தால் சதுர அடி 3,333 ரூபாய். இல்லாத 150 சதுர அடிக்கு, அவர்கள் சொன்ன 3,125 வீதம் பார்த்தாலும், 4 லட்சத்து 68 ஆயிரத்து 750 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள்.

நாடா பிடிக்க ஆளில்லை, அல்லது மனையில் முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கிறது என்றால் வேறு வழி இல்லையா? பட்டாவைப் பாருங்கள். அரசாங்க நில அளவையர் பரப்பைக் கணக்கிடுவதும் இப்படி முக்கோணமாகப் பிரித்துத்தான். சராசரிக் கணக்கு அங்கே செல்லாது. இந்த மனைக்குத் தனிப்பட்டா இருந்து, அதில் உள்ள அளவும் சரியாக இருந்தால், 2.23 ஏர் என்று இராது, 2.09 ஏர் என்றே இருக்கும். 2.09-ஐ 1,076.4-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே 2,250 வந்து நிற்கும். பட்டாவை eservices.tn.gov.in என்ற அரசாங்கத் தளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் வித்தியாசம் இருந்தால், தாலுகா ஆபீசில் கட்டணம் கட்டி, நில அளவையரை வரவழைத்து அளந்துகொள்ளலாம். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கிராக்கி என்று ஒதுக்கியது

கடைசியாக முதல் மனை. ஐந்து சென்ட். அம்பத்தூர் மாமா முதல் எதிர் வீட்டுக்காரர் வரை எல்லாரும் "சென்ட் பதினாலு லட்சமா? அநியாயம்!" என்று சொன்ன மனை. அகலம் 36.3 அடி, நீளம் 60 அடி, பெருக்கினால் 2,178. குறுக்களவு இரண்டும் ஒன்றாகவே, 70 அடி சுமாருக்கு வந்தன. பொது வழி ஏதுமில்லை. பட்டாவில் 2.02 ஏர். சொன்னதும் இருப்பதும் ஒன்று. ஆகவே சதுர அடி 3,214 ரூபாய் என்று முதலில் போட்ட கணக்கு அப்படியே நிற்கிறது.

இப்போது மூன்றையும் வரிசைப்படுத்துங்கள். முதல் மனை 3,214; இரண்டாவது 3,333; மூன்றாவது 3,600. காகிதத்தில் பார்த்த வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது! மலிவென்று ஓடிப் போனது கிராக்கி. கிராக்கி என்று ஒதுக்கியது மலிவு.

ஆனால் இதே முதல் மனையை, "ஐந்து சென்ட் என்றால் ஒரு கிரவுண்டு" என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர்கள் என்ன ஆவார்கள்? 70 லட்சத்தை 2,400-ஆல் வகுத்து, சதுர அடி 2,917 ரூபாய்தான் என்று மகிழ்ந்து போவார்கள். இல்லாத 222 சதுர அடியின் விலை, 3,214 வீதம், 7 லட்சத்துக்கு மேல் ஆகிறது. மனை யோக்கியமானதுதான், கணக்குத்தான் யோக்கியமில்லை.

கடலும் சாலையும் தின்ற அடிகள்

நமது வட சென்னையில் மட்டும் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. பத்திரம் எழுதியபோது இருந்த நிலம், இன்றும் முழுவதும் இருக்கிறதா என்பது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் கருங்கற்களைக் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து வந்த வினை அது. இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். துறைமுகத்தின் சுவர் குறுக்கே வந்ததும், மணல் தெற்கே தங்கிவிட்டது, மெரினா அகலமாயிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வராததால், கடல் கரையை அரித்துக்கொண்டே போயிற்று. வீடுகளும் தெருக்களும் கூடப் போயின. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பழைய பத்திரம் 'கிழக்கே கடல்' என்று எல்லை சொன்னால், அந்தக் கிழக்கு இன்று எங்கே இருக்கிறது என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சாலையும் அப்படியே. திருவொற்றியூர் நெடுஞ்சாலையையும், துறைமுகத்துக்கு லாரிகள் போகும் எண்ணூர் விரைவுச் சாலையையும் அகலப்படுத்த, இரு பக்கத்திலும் நிலம் எடுத்திருக்கிறார்கள். சாலைக்குப் போன பங்கு, பழைய தாய்ப் பத்திரத்தில் இன்னும் நம்முடையது போலவே உட்கார்ந்திருக்கும். பட்டாவில் மட்டும் உட்பிரிவு எண் மாறி, ஏர் குறைந்திருக்கும். சில வேளை பட்டாவும் மாறாமல் இருப்பதுண்டு. அதனால் சாலையோர மனைக்குப் புலப்படத்தின் நகலை வாங்கி, சாலை விளிம்பிலிருந்து அளந்து பார்ப்பதே நிச்சயமான வழி.

இந்தக் கணக்கு எங்கே உதவாது?

சதுர அடி விலை, ஏறக்குறைய ஒரே மாதிரியான மனைகளை ஒப்பிடத்தான் பயன்படும். விம்கோ நகர் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் உள்ள மனையையும், கழிமுகத்தை ஒட்டிய எண்ணூர் மனையையும் பக்கத்தில் வைத்து, "அது இதைவிட ஆயிரம் ரூபாய் மலிவு" என்பதில் அர்த்தமில்லை. நாற்பதடிச் சாலையும் பத்தடிச் சந்தும் ஒன்றாகாது. 1,200 சதுர அடி மனை முப்பதுக்கு நாற்பதாக இருந்தால் அழகான வீடு கட்டலாம். ராயபுரத்துப் பழைய வீடுகள் சிலவற்றைப் போலப் பதினைந்துக்கு எண்பதாக இருந்தால், ரயில் பெட்டி போலத்தான் கட்ட வேண்டும். சதுர அடி இரண்டிலும் ஒன்றே!

பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பையும் சந்தை விலை என்று எண்ணிவிடக் கூடாது. பத்திரத்தில் காட்டும் தொகை அதற்குக் கீழே போகாமல் இருக்க, துறை வைத்திருக்கும் கணக்கு அது. tnreginet.gov.in தளத்தில் தெருப் பெயரையோ சர்வே எண்ணையோ கொடுத்துப் பார்க்கலாம். பார்க்கும்போது சதுர அடிக்கா, சதுர மீட்டருக்கா என்று கவனியுங்கள். சதுர மீட்டர் விலையானால் 10.764-ஆல் வகுத்த பிறகே மற்றதோடு ஒப்பிட வேண்டும். இன்னொன்று: முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பின்மேல் கணக்காகும்போது, பத்திரத்தில் எழுதிய சதுர அடி முழுவதற்கும் கட்ட வேண்டும். இல்லாத 150 சதுர அடியை எழுதி வாங்கினால், இல்லாத நிலத்துக்குச் சர்க்காருக்கும் ஒரு பங்கு கொடுத்ததாக ஆகும்.

ஆகவே அடுத்த முறை ஒரு மனை விலைக்கு வந்தால், பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, மனைக்கு ஒரு வரி வீதம் எழுதிக் கொள்ளுங்கள். சொன்ன அளவு, அதன் சதுர அடி, பட்டாவின் ஏர், அதன் சதுர அடி, இரண்டு குறுக்களவு, வழிக்குப் போவது, மிச்சம், விலை. விலையை அந்த மிச்சத்தால் வகுத்து, கடைசியில் எழுதுங்கள். தரகரிடம் பேரம் பேசப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். "கிரவுண்டு என்றீர்களே, பட்டாவில் 2.09 ஏர்தானே இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதன் பிறகு பேச்சு சதுர அடியில்தான் நடக்கும்.